14 பக்கம் 5 பக்கமாக வேண்டும்: எதை எடுப்பது, யாரோடு முடிவு செய்வது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் கண்மாய் தூர்வாரும் திட்ட அறிக்கையை மெயிலில் இணைத்து அனுப்பியிருக்கிறார். 14 பக்கம். நிதி தரும் நிறுவனம் 5 பக்கத்துக்கு மேல் வாங்காதாம். எந்தப் பகுதியைப் பார்த்தாலும் தேவை என்றுதான் தோன்றுகிறது. அவரிடம் கேட்டால் "எல்லாமே முக்கியம், நீயே பார்த்துச் சுருக்கு" என்கிறார். எதை எடுப்பது? அவரோடு எப்படி முடிவு செய்வது?

பதில்:

முதலில் நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அந்த 5 பக்கத்துக்குள் செலவு அட்டவணை, வரைபடம், புகைப்படம், பதிவுச் சான்றுகள் எல்லாம் அடக்கமா, அல்லது அவற்றைப் பின்னிணைப்பாகத் தனியே தரலாமா? இதைக் கேட்காமல் மூன்று நாள் உட்கார்ந்து வெட்டியவர்களை எனக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிறிய அறக்கட்டளைக்காக நான் இதே போன்ற அறிக்கையைச் சுருக்கியபோது, பின்னிணைப்பு 5 பக்கக் கணக்கில் வராது என்று சொன்னார்கள். அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை குறைந்தது. அந்த அறிக்கையை வைத்தே மீதியைச் சொல்கிறேன்.

அடுத்தது கணக்கு. 12 புள்ளி எழுத்தில், சாதாரண வரி இடைவெளியில், A4 தாளில் தமிழ் ஏறக்குறைய 300 சொல் பிடிக்கும். 14 பக்கம் என்றால் 4,200 சொல். 5 பக்கம் என்றால் 1,500. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம்தான் மிஞ்சும். வாக்கியங்களை இறுக்கி எழுதினால் ஐந்தில் ஒரு பங்கு குறையும், நன்றாகக் கைவந்தவருக்கு நான்கில் ஒன்று. அப்படிச் செய்தாலும் 10, 11 பக்கத்தில்தான் போய் நிற்கும். ஆகவே வரி வரியாக இறுக்குவதில் இப்போது இறங்க வேண்டாம். அது கடைசி வேலை. எழுத்தைச் சிறிதாக்குவது, ஓரத்தைக் குறைப்பது போன்றவற்றையும் தொடாதீர்கள். படிப்பவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பகுதி பகுதியாகச் சொற்களை எண்ணுங்கள். வேர்டில் ஒரு பகுதியைத் தேர்வு செய்தால் அதன் எண்ணிக்கை கீழே இடது மூலையில் தெரியும். நான் வேலை பார்த்த அறிக்கையில் முன்னுரை 350, கண்மாயின் வரலாறு 700, அறக்கட்டளை பற்றி 600, இன்றைய பிரச்சினை 650, செய்யப்போகும் பணி 800, செலவு 300, பராமரிப்பு 350, பயன்கள் 450. இந்தப் பட்டியலே ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. நிறுவனம் பணம் தருவது பணிக்கு. அது சரியாக நடந்து நிலைக்குமா என்பதைச் சொல்வது செலவும் பராமரிப்பும். அந்த மூன்றும் சேர்ந்து 1,450 சொல்தான். மீதி 2,750 சொல் அவற்றுக்கு முன்னும் பின்னும் நிற்கிறது.

எல்லாமே முக்கியம் என்று தோன்றுவதற்குக் காரணம், நாம் தலைப்பைப் பார்ப்பதுதான். "வரலாறு", "தேவை", "பயன்கள்" என்று தலைப்பாக வைத்துப் பார்த்தால் எதையும் தேவையில்லை என்று சொல்ல முடியாது. அதனால் தலைப்பை மறந்துவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பென்சிலில் எழுதுங்கள். நிதி தருபவரின் கேள்விகள் அதிகம் இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள், எங்கே, ஏன் இப்போது, எவ்வளவு செலவு, செய்ய அனுமதி இருக்கிறதா, உங்களை எப்படி நம்புவது, நாங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவுதான்.

நான் இப்படிக் குறித்தபோது, "ஏன் இப்போது" என்ற கேள்விக்கு நான்கு இடங்களில் பதில் இருந்தது. முன்னுரையில் ஒருமுறை, வரலாற்றின் முடிவில் ஒருமுறை, பிரச்சினையில் ஒருமுறை. நான்காவது, பயன்கள் பகுதி முழுவதும். பிரச்சினைப் பகுதியில் "தண்ணீர் தங்குவதில்லை, கிணறுகள் வற்றிவிட்டன, இரண்டாம் போகம் இல்லை" என்று இருக்கும். பயன்கள் பகுதியில் அதே மூன்றும் திரும்பி, "தண்ணீர் தங்கும், கிணறு ஊறும், இரண்டாம் போகம் வரும்" என்று நிற்கும். 450 சொல்லில் புதிதாக இருந்தவை இரண்டே எண்கள். 62 ஏக்கர் ஆயக்கட்டு பயன்பெறும், கூடுதலாக 2.4 கோடி லிட்டர் தேங்கும். இந்த இரண்டையும் எடுத்து முதல் பத்தியில் வைத்துவிட்டுப் பயன்கள் பகுதியை முழுவதுமாக எடுத்தேன். யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

ஒரே செய்தி பல இடத்தில் இருந்தால் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கும். அந்த அறிக்கையின் 2-ஆம் பக்கத்தில் கண்மாயின் பரப்பு 12 ஹெக்டேர். 6-ஆம் பக்கத்தில் 27 ஏக்கர். 27 ஏக்கர் என்பது 11 ஹெக்டேர்கூட இல்லை. செயலாளரிடம் கேட்டபோது, முதலாவது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டின் பரப்பு, இரண்டாவது கரையை விட்டுவிட்டு நீர் நிற்கும் பரப்பு என்று தெரிந்தது. இரண்டுமே சரி. ஆனால் அறிக்கை அதைச் சொல்லவில்லை. படிக்கும் அதிகாரி இதைக் கண்டால் மற்ற எண்களையும் சந்தேகப்படுவார். ஒன்றாகச் சேர்க்கும்போது வேறுபாடு தென்பட்டால், நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இதுவரை சொன்னது நீங்கள் தனியாகச் செய்யக்கூடியது. இதற்கு மேல் செயலாளர் இல்லாமல் நகராதீர்கள். அவரிடம் "எதை எடுக்கலாம்?" என்று கேட்பதில் பயனில்லை. எழுதியவரிடம் அப்படிக் கேட்டால் "எதையும் எடுக்க வேண்டாம்" என்ற பதில்தான் வரும், அது நியாயமும்கூட. Track Changes போட்டுச் சிவப்புக் கோடுகளோடு திருப்பி அனுப்புவதும் வேண்டாம். அதைத் திறந்ததும் அவர் கண்ணில் படுவது போனது மட்டுமே. இருப்பது படாது. ஒவ்வொரு கோட்டையும் எதிர்த்து மெயில் வரும், ஒரு வாரம் அதிலேயே போய்விடும்.

நேரில் ஒரு மணி நேரம் கேளுங்கள். நான் போனபோது ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சீட்டு எழுதி எடுத்துப்போனேன். சீட்டில் பகுதியின் பெயரும் இப்போது அது எத்தனை சொல் என்பதும் இருக்கும். பயன்கள் சீட்டையும் வைத்திருந்தேன். அதை ஏன் எடுக்கலாம் என்று பென்சில் குறிப்புகளைக் காட்டியதும் அவர் தலையாட்டினார். பிறகு, "ஐயா, நம்ம கையில 1,500 சொல் இருக்கு. எந்தப் பகுதிக்கு எவ்வளவு தரலாம்னு நீங்களே எழுதுங்க" என்றேன்.

அவர் முதலில் அறக்கட்டளைக்கு 400 என்று எழுதினார். வரலாற்றுக்கு 400. பிரச்சினைக்கு 400. பணியின் சீட்டைக் கையில் எடுத்தபோது 300 சொல்தான் மிச்சம் இருந்தது. செலவும் பராமரிப்பும் இன்னும் வரிசையில் நின்றன. சிறிது நேரம் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறக்கட்டளைச் சீட்டை எடுத்து 400-ஐ அடித்து 150 என்று எழுதினார். "எங்களைப் பத்தி அவ்வளவு வேண்டாம் தம்பி, பதிவு எண்ணும் செஞ்ச வேலையும் போதும்" என்றார். நான் சொல்லியிருந்தால் அது அவரைக் குறைத்துப் பேசியதாக ஆகியிருக்கும். அவரே பங்கு பிரித்ததால் அப்படி ஆகவில்லை. அவர் சொன்னது நடைமுறையிலும் சரி. நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைப் பெறும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் CSR-1 பதிவு கட்டாயம். அந்த எண், வருமான வரித்துறையின் 12A, 80G பதிவுகள், இதே போல முன்பு முடித்த இரண்டு கண்மாய் வேலைகள், இவற்றை ஐந்தாறு வரியில் சொன்னால் அந்த அதிகாரிக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. நிறுவனர் வாழ்க்கைக் குறிப்பு பின்னிணைப்புக்குப் போனது.

வரலாற்றில்தான் சிக்கியது. 700 சொல். கண்மாய் எந்தக் காலத்தது, மடை எப்படிக் கட்டினார்கள், கலுங்கு எந்த ஆண்டு உடைந்தது என்று நீளும் பகுதி. எனக்கு அதை முழுவதும் எடுத்துவிடத்தான் எண்ணம். அவர் அசையவே இல்லை. இந்த இடத்தில் வாதாட வேண்டாம், இன்னொரு கேள்வி கேளுங்கள். "ஐயா, இதைப் படிச்சு முடிச்சதும் அந்த அதிகாரி மனசுல என்ன நிக்கணும்?"

அவர் சொன்னது இது. "இந்த ஊர்க்காரங்க முன்னாடி குடிமராமத்து பார்த்தவங்க தம்பி. வருஷாவருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வரத்துக் கால்வாயை வெட்டுவாங்க. மடை திறக்க நீர்பாய்ச்சி இருந்தார், அவருக்குக் களத்துல நெல் அளப்பாங்க. நடுவுல விட்டுப்போச்சு. இப்ப ரெண்டு வருஷமா மறுபடி சங்கம் போட்டு ஏக்கருக்கு 200 ரூபாய் வசூல் பண்றாங்க. நாம தூர்வாரிக் கொடுத்தா கெடாமப் பார்த்துக்குவாங்க. அதைச் சொல்லாம எப்படி?"

அவர் சொன்னது வரலாறு இல்லை. "நாங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் இருந்த மிகச் சிறந்த பதில் அதுதான். அது தவறான தலைப்பின் கீழே, 700 சொல்லுக்கு நடுவே கிடந்தது. பராமரிப்புப் பகுதியில் இருந்ததோ "கிராம மக்கள் ஒத்துழைப்புடன் தொடர்ந்து பராமரிக்கப்படும்" என்ற, யாரும் நம்பாத வாக்கியம். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, நான்கு வாக்கியமாக்கிப் பராமரிப்பின் தொடக்கத்தில் வைத்தோம். மீதி வரலாறு பின்னிணைப்புக்குப் போக அவர் உடனே சம்மதித்தார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த நான்கு வாக்கியம்தான்.

பல அறிக்கைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஒரு பகுதியை விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றால், அதில் ஏதோ ஒரு உண்மையான வாதம் இருக்கிறது, அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் காரணம் வேறாகவும் இருக்கும். இதே அறிக்கையில் ஒன்றரைப் பக்கத்துக்கு 41 விவசாயிகளின் பெயர்கள் இருந்தன. எதற்கு என்று கேட்டால், "உங்க பேரெல்லாம் மனுவுல வரும்னு கூட்டத்துல சொல்லிட்டேன்" என்றார். அது கொடுத்த வாக்கு, அதை மதிக்கத்தான் வேண்டும். பெயர்கள் கையெழுத்தோடு பின்னிணைப்பில் வந்தன. உள்ளே "41 குடும்பங்கள் சம்மதக் கையெழுத்து இட்டுள்ளன" என்று ஒரு வரி வைத்தோம். காரணம் தெரியாமல் நான் எடுத்திருந்தால் அவர் ஊருக்குள் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

கடைசியில் சீட்டுகளில் நின்ற கணக்கு இது. தொடக்கச் சுருக்கம் 150, பிரச்சினை 300, பணி 450, செலவு 200, பராமரிப்பு 250, அறக்கட்டளை 150. மொத்தம் 1,500. அந்தத் தாளிலேயே தேதி போட்டு இருவரும் ஒரு படி வைத்துக்கொண்டோம். இதைத் தவறாமல் செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து அறக்கட்டளை நிர்வாகிகளில் ஒருவர் "இந்தப் பகுதி எங்கே போச்சு?" என்று கேட்பார். "இதை உள்ளே வைத்தால் எதை வெளியே எடுப்பது?" என்று அந்தத் தாளை வைத்து அவரோடும் பேசலாம். எடுத்தவற்றைத் தூக்கி எறியாமல் "எடுத்தவை" என்று ஒரு தனிக் கோப்பில் சேர்த்துவையுங்கள். அந்தக் கோப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே எழுதியவர் நிம்மதியாகப் பேசுவார்.

இனி வெட்டக்கூடாதது. இதில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்திருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். வேறொரு கண்மாய் அறிக்கை. செலவுப் பகுதியில் 4 ஹெக்டேரில் 0.6 மீட்டர் ஆழம், 24,000 கன மீட்டர் வண்டல், கன மீட்டருக்கு 50 ரூபாய், ஆக 12 லட்சம் என்று இருந்தது. அதற்குக் கீழே, "வண்டலை விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியுடன் தங்கள் டிராக்டர்களில் எடுத்துச்செல்லும்பட்சத்தில் மட்டுமே இத்தொகை பொருந்தும்" என்று ஒரு வாக்கியம். இடம் போதவில்லை. கணக்கு தெளிவாக இருக்கிறதே, பின்னால் எதற்கு இழுவை என்று அதை எடுத்துவிட்டேன். பணம் கிடைத்தது, வேலையும் தொடங்கியது. அனுமதி வரத் தாமதமானதால் வண்டலை வாடகை லாரியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதாயிற்று. செலவு எகிறியது. "இதை ஏன் முன்பே சொல்லவில்லை" என்று நிறுவனத்தினர் கேட்டார்கள். அறிக்கை எழுதியவர் சொல்லித்தான் இருந்தார். எடுத்தது நான்.

"மட்டுமே", "பட்சத்தில்", "தவிர", "வரை", "உட்பட்டு" என்ற சொற்கள் வரும் வாக்கியங்கள் படிக்க இழுவையாக இருக்கும், வெட்டுபவரின் கை முதலில் அங்கேதான் போகும். வெட்டத் தொடங்கும் முன்பே இந்தச் சொற்களைத் தேடி, அவை வரும் வாக்கியங்களுக்கு மஞ்சள் அடித்துவையுங்கள். அவற்றைச் சுருக்கலாம். மேலே உள்ளதை "விவசாயிகளே வண்டலை ஏற்றிச்செல்ல வட்டாட்சியர் அனுமதி கிடைத்தால் மட்டுமே 12 லட்சம்" என்று சொல்லலாம். ஆனால் எடுப்பதாக இருந்தால் செயலாளர் வாய்விட்டுச் "சரி" என்று சொல்லியிருக்க வேண்டும். அனுமதி பற்றிய வரிகளும் அப்படித்தான். உங்கள் கண்மாயின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் கீழே என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்தீர்கள், கடிதம் வந்ததா இல்லையா என்பது ஒரு வரிதான். அது போனால் மீதி 5 பக்கமும் நிற்காது.

பங்கு பிரித்து முடித்த பிறகுதான் வாக்கியங்களை இறுக்கும் வேலை. நம் அலுவலகத் தமிழில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது. அந்த அறிக்கையிலிருந்து ஒரு பத்தி:

"மேற்படி கண்மாயானது கடந்த பல ஆண்டுகளாக முறையான பராமரிப்புப் பணிகள் எதுவும் மேற்கொள்ளப்படாத நிலையில் இருந்து வருவதன் காரணமாக, கண்மாயின் உட்பகுதி முழுவதும் சீமைக் கருவேல மரங்கள் அடர்ந்து வளர்ந்து காணப்படுவதோடு மட்டுமல்லாமல், வரத்துக் கால்வாயும் 1.8 கிலோமீட்டர் தூரத்திற்குத் தூர்ந்துபோன நிலையில் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கதாகும்."

இது இப்படி ஆனது: "பல ஆண்டுகளாகப் பராமரிப்பு இல்லை. கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் அடர்ந்துவிட்டது. வரத்துக் கால்வாய் 1.8 கி.மீ. தூர்ந்துகிடக்கிறது." செய்தி ஒன்றுகூடப் போகவில்லை, அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. செயலாளர் "ரொம்ப மொட்டையா இருக்கே" என்றார். அவருடைய எழுத்தில் ஒரு மரியாதைத் தொனி இருந்தது, அது முழுவதும் போய்விட்டதாக அவருக்குப் பட்டது. அதனால் முகப்புக் கடிதத்தை அவருடைய நடையிலேயே விட்டுவிட்டோம், அறிக்கைக்குள் மட்டும் இறுக்கினோம். மாதிரிக்கு ஒரு பத்தியை இப்படி மாற்றிக் காட்டி, நடை அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு மீதியைத் தொடுங்கள்.

முடித்ததும் "மேலே கூறியபடி", "அட்டவணை 4-இல் உள்ளவாறு" என்று எங்கெல்லாம் வருகிறது எனத் தேடுங்கள். மேலே கூறியது இப்போது மேலே இருக்காது. வேர்டின் தானியங்கிக் குறிப்புகள் இருந்தால் `Ctrl+A`, பிறகு `F9` அழுத்துங்கள். இலக்கு போய்விட்ட இடத்தில் `Error! Reference source not found.` என்று வந்து நிற்கும். செலவு அட்டவணையில் வரிகளைச் சேர்த்திருந்தால் கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பிறகு அச்சிட்டு, பழைய பிரதி பக்கத்தில் இல்லாமல், செயலாளரிடம் கொடுங்கள். நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவராகத் தன்னை நினைத்துக்கொண்டு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், படித்து முடித்ததும் என்ன கேட்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். எங்கள் செயலாளர் படித்துவிட்டு, "சீமைக் கருவேலத்தை வெட்டி ஏலம் விட்டா வர்ற பணம் யாருக்கு? இதுல இல்லையே" என்றார். பழைய 14 பக்கத்திலும் அது இல்லை. அவர் ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்து வந்த பிறகு செலவுப் பகுதியில் ஒரு வரி சேர்த்தோம். அதற்கு இடம் வேண்டி அறக்கட்டளைப் பகுதியிலிருந்து அவரே ஒரு வரியை எடுத்தார்.